பதினொரு விஞ்ஞானிகளும் ஒரு பெட்டகமும்: பூஜ்ஜியமே ஆகாத அணிக்கோவை

பதினொரு விஞ்ஞானிகள் ஒரு ரகசியத் திட்டத்தில் வேலை செய்கிறார்கள். ஆவணங்கள் ஒரு பெட்டகத்தில் இருக்கின்றன. பதினொரு பேரில் எந்த ஆறு பேர் வந்தாலும் பெட்டகம் திறக்க வேண்டும். ஐந்து பேர் மட்டும் வந்தால் திறக்கவே கூடாது. சாதாரணப் பூட்டு, சாவிகளை வைத்து இதைச் செய்ய எத்தனை பூட்டுகள் வேண்டும்?

462 பூட்டுகள். ஒவ்வொருவர் கையிலும் 252 சாவிகள்.

கணக்கு எளிதுதான். எந்த ஐந்து பேரை எடுத்தாலும் அவர்களால் திறக்க முடியாத ஒரு பூட்டாவது இருக்க வேண்டும். மீதி ஆறு பேரில் யார் வந்து சேர்ந்தாலும் அந்தப் பூட்டு திறக்க வேண்டும் என்பதால், அதன் சாவி அந்த ஆறு பேரிடமும் இருந்தாக வேண்டும். ஆக, ஒவ்வொரு ஐவர் கூட்டத்துக்கும் தனியாக ஒரு பூட்டு. பதினொரு பேரில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்க 462 வழிகள் உண்டு. காகிதத்தில் சரியான விடை, நடைமுறையில் யாரும் செய்ய மாட்டார்கள்.

1979ஆம் ஆண்டு அடி ஷமீர் என்ற இஸ்ரேலியக் கணிதவியலாளர் எழுதிய ஒரு குட்டிக் கட்டுரை இந்தப் புதிரோடுதான் தொடங்குகிறது. ரகசியத்தைப் பங்கு போட்டு வைக்க அதில் அவர் சொன்ன வழிக்குப் பூட்டுக் குவியல் தேவையில்லை. ஆளுக்கு ஒரு எண் போதும். அந்த வழி என்றைக்கும் காலை வாரிவிடாது என்பதற்கு உத்தரவாதம் கொடுப்பது, நம் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கும் ஓர் அணிக்கோவை. 1, a, a² என்று முதல் நிரை. 1, b, b² என்று இரண்டாம் நிரை. 1, c, c² என்று மூன்றாம் நிரை. “இதன் மதிப்பு (a−b)(b−c)(c−a) என நிறுவுக” என்று கேட்பார்கள். மாணவர்கள் நிறுவிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். அது எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. வேறுவேறான எண்களின் அடுக்குகளை நிரையாக எழுதினால் அணிக்கோவை ஒருபோதும் பூஜ்ஜியம் ஆகாது என்பதுதான் அந்தக் கணக்கின் உள்ளே இருக்கும் சங்கதி.

சிறிய அளவில் ஷமீரின் வழியைச் செய்து பார்ப்போம். ஐந்து பேர், எந்த மூன்று பேர் சேர்ந்தாலும் ரகசியம் தெரிய வேண்டும். ரகசியம் 11 என்ற எண். இந்த விளையாட்டில் எல்லா எண்களையும் 17ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். 19 வந்தால் 2, 37 வந்தால் 3. குறை எண் வந்தால் 17ஐ வேண்டிய தடவை கூட்டி நேர் எண் ஆக்கிக்கொள்ளலாம். ஏன் 17 என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ரகசியத்தோடு மனம்போன போக்கில் இரண்டு எண்களைச் சேர்க்கிறோம். 3, 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 + 3x + 5x² என்ற இருபடிக் கோவை கிடைக்கிறது. முதல் ஆளுக்கு x = 1 என்று போட்டு வரும் விடை, இரண்டாம் ஆளுக்கு x = 2 என்று போட்டு வரும் விடை, இப்படியே ஐந்து பேருக்கும். மீதி எடுத்த பின் பங்குகள் முறையே 2, 3, 14, 1, 15. பங்கு கொடுத்தானதும் கோவையை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

இப்போது இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் ஆட்கள் கூடுகிறார்கள். கோவை a + bx + cx² என்ற வடிவில் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும், எண்கள் தெரியாது. கையில் இருப்பவை மூன்று சமன்பாடுகள்:

```
a + 2b +  4c =  3
a + 3b +  9c = 14
a + 5b + 25c = 15
```

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் b + 5c = 11. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 2b + 16c = 1. முன்னதை இரட்டித்துப் பின்னதிலிருந்து கழித்தால் 6c = −21, அதாவது 17ன் கணக்கில் 6c = 13. எந்த எண்ணை 6ஆல் பெருக்கினால் மீதி 13 வரும்? 5. பெருக்கல் 30, மீதி 13. c = 5 என்றால் b = 11 − 25 = −14, அதாவது 3. a = 3 − 6 − 20 = −23, அதாவது 11. ரகசியம் வந்துவிட்டது.

இடையில் வந்த 6c என்பதில் உள்ள அந்த 6ஐ மட்டும் நினைவில் வையுங்கள்.

ஐந்து பேரில் மூவரைப் பத்து விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். நாம் பார்த்தது ஒரு கூட்டணியை மட்டும். மற்ற ஒன்பதில் ஏதோ ஒன்றில் சமன்பாடுகள் ஒன்றுக்கொன்று சிக்கி, விடை கிடைக்காமல் போய்விட்டால்? பதினொரு விஞ்ஞானிகள் என்றால் ஆறு பேர் கொண்ட கூட்டணிகள் 462. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டுமென்றால் பூட்டுக் குவியலே தேவலை என்று தோன்றிவிடும். சரிபார்க்கத் தேவையில்லை என்பதைத்தான் அந்த அணிக்கோவை சொல்கிறது.

மூன்று சமன்பாடுகளின் இடப்பக்க எண்களை மட்டும் எடுத்து எழுதினால் இந்த அணி வருகிறது:

```
1  2   4
1  3   9
1  5  25
```

ஒவ்வொரு நிரையும் ஓர் எண்ணின் அடுக்குகள். 2க்கு 1, 2, 4. 3க்கு 1, 3, 9. 5க்கு 1, 5, 25. இந்த அணியின் அணிக்கோவை பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் சமன்பாடுகளுக்கு ஒரே ஒரு விடை உண்டு. பூஜ்ஜியமாக இருந்தால் விடையே இல்லாமலோ பல விடைகளோடோ மாட்டிக்கொள்வோம். விரித்துப் பார்த்தால் 30 − 32 + 8 = 6. மேலே வந்த அதே 6. சமன்பாடுகளைத் தீர்க்கும்போது கடைசி அடியில் எந்த எண்ணால் வகுக்க வேண்டியிருந்ததோ, அதுதான் அணிக்கோவை. அது பூஜ்ஜியமாக இருந்திருந்தால் அந்த இடத்தில் நின்றுபோயிருப்போம்.

சரி, ஏன் பூஜ்ஜியம் ஆகாது? முதலில் சாதாரண எண்களிலேயே யோசிப்போம். 17ஐக் கொஞ்சம் மறந்துவிடலாம். ஓர் அணியின் அணிக்கோவை பூஜ்ஜியம் என்றால் அதன் நிரல்களுக்குள் ஓர் உறவு இருக்கிறது என்று பொருள். அதாவது முதல் நிரலை p என்ற எண்ணாலும், இரண்டாவதை q என்ற எண்ணாலும், மூன்றாவதை r என்ற எண்ணாலும் பெருக்கிக் கூட்டினால் எல்லா நிரையிலும் பூஜ்ஜியம் வரும். P, q, r மூன்றும் ஒருசேரப் பூஜ்ஜியமாக இருக்காது. நம் அணியில் இதை எழுதிப் பாருங்கள். முதல் நிரையில் p + 2q + 4r = 0. இரண்டாவதில் p + 3q + 9r = 0. மூன்றாவதில் p + 5q + 25r = 0.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். p + qx + rx² என்ற கோவையில் x இருக்கும் இடத்தில் 2 போட்டாலும் பூஜ்ஜியம், 3 போட்டாலும் பூஜ்ஜியம், 5 போட்டாலும் பூஜ்ஜியம். ஓர் இருபடிக் கோவைக்கு மூன்று மூலங்கள்! ஒன்பதாம் வகுப்பிலேயே படித்த காரணித் தேற்றம் இங்கே குறுக்கே வந்து நிற்கிறது. 2 மூலம் என்றால் (x − 2) காரணி. 3 மூலம் என்றால் (x − 3) காரணி. ஆகவே கோவை r(x − 2)(x − 3) என்றுதான் இருக்க முடியும். இதில் 5ஐப் போட்டால் r × 3 × 2, அதாவது 6r. மறுபடியும் 6. இது பூஜ்ஜியமாக வேண்டுமானால் r பூஜ்ஜியமாக வேண்டும். r போனால் முழுக் கோவையும் போய்விடும். Q, p இரண்டும் பூஜ்ஜியம்தான். அப்படியானால் உறவு என்று ஒன்றுமே இல்லை. அணிக்கோவையும் பூஜ்ஜியமில்லை.

அவ்வளவுதான் நிரூபணம். 2, 3, 5 என்பதற்குப் பதில் எந்த மூன்று வேறுவேறு எண்களைப் போட்டாலும் இதே வாதம் செல்லும். நான்கு எண்கள் என்றால் கனம் வரை போக வேண்டும். முப்படிக் கோவைக்கு நான்கு மூலங்கள் இருக்க முடியாது. நூறு எண்கள் என்றால் 99ஆம் அடுக்கு வரை போகும் கோவைக்கு நூறு மூலங்கள் இருக்க முடியாது. அணிக்கோவையைப் பற்றிய கேள்வி, ஒரு கோவைக்கு எத்தனை மூலங்கள் இருக்கலாம் என்ற கேள்வியாக மாறிவிட்டது. என்னைக் கேட்டால், புத்தகத்தில் இருக்கும் விரித்துச் சுருக்கும் நிரூபணத்தைவிட இதுதான் மனதில் தங்கும்.

மதிப்பு என்ன என்பதும் இதே வழியில் கிடைக்கும். கடைசி நிரையில் 5க்குப் பதில் x என்று எழுதினால் அணிக்கோவை x-இல் ஓர் இருபடிக் கோவை. x = 2 என்றால் இரண்டு நிரைகள் ஒரே மாதிரி ஆகிவிடும், அணிக்கோவை பூஜ்ஜியம். x = 3 என்றாலும் அப்படியே. ஆகவே (x − 2)(x − 3) காரணிகள். 5ஐப் போட்டால் 6. நான்காவதாக 7 என்ற எண்ணைச் சேர்த்தால் ஏற்கெனவே உள்ள 6ஐ (7 − 2)(7 − 3)(7 − 5) = 40ஆல் பெருக்கினால் போதும்; 240. புதிய எண் ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் வந்த ஒவ்வோர் எண்ணோடும் உள்ள வித்தியாசத்தைக் காரணியாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. எண்கள் எல்லாம் வேறுவேறு என்றால் வித்தியாசங்களில் ஒன்றுகூடப் பூஜ்ஜியமில்லை. அவற்றின் பெருக்கலும் பூஜ்ஜியமில்லை.

இந்த அணிக்கோவைக்கு வாண்டர்மோண்ட் அணிக்கோவை என்று பெயர். அலெக்சாந்தர் தியோபில் வாண்டர்மோண்ட் 1735இல் பாரிஸில் பிறந்தவர். வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர், முப்பத்தைந்து வயதுவாக்கில்தான் கணிதத்துக்கு வந்தார். கணிதத்தில் நான்கே நான்கு கட்டுரைகள் எழுதினார். வேடிக்கை என்னவென்றால் அந்த நான்கிலும் இந்த அணிக்கோவை இல்லை. அவர் எண்களுக்கு மேலே போட்ட அடையாளக் குறிகளை யாரோ அடுக்குகள் என்று தவறாகப் படித்திருப்பார்கள், பெயர் அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது ஆன்றி லெபெக் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளரின் ஊகம். வித்தியாசங்களின் பெருக்கலை எடுத்து அதிலிருந்தே அணிக்கோவை என்பதை வரையறுத்தவர் கோஷி, 1812இல். பெயர் என்னவோ வயலின்காரருக்கே போனது.

பெட்டகத்துக்குத் திரும்புவோம். மூன்று பேர் சேர்ந்தால் திறக்கும் என்பது தெரிந்துவிட்டது. இரண்டு பேர் சேர்ந்தால் திறக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதையும் இதே அணிக்கோவைதான் கொடுக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். ரகசியம் a என்பது கோவையில் x = 0 போட்டால் வரும் மதிப்பு. இரண்டாம் ஆளும் மூன்றாம் ஆளும் மட்டும் கூடி, “ரகசியம் ஒருவேளை 0ஆக இருக்குமோ?” என்று ஊகிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவர்களிடம் 0, 2, 3 என்ற மூன்று வேறுவேறு எண்களுக்கான மதிப்புகள் இருக்கின்றன. அணிக்கோவை பூஜ்ஜியமில்லை. ஆகவே அந்த ஊகத்துக்குப் பொருந்தும் கோவை கட்டாயம் ஒன்று உண்டு: 15x + 6x². 2 போட்டால் 54, மீதி 3. 3 போட்டால் 99, மீதி 14. இருவர் பங்குகளோடும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ரகசியம் 1 என்று ஊகித்தாலும் ஒரு கோவை பொருந்தும், 2 என்றாலும், 16 வரைக்கும் அப்படியே. பதினேழு ஊகங்களில் எதையும் அவர்களால் தள்ளிவிட முடியாது. பங்கு எதுவும் கையில் இல்லாத வெளியாளுக்கும் அவர்களுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமே இல்லை. உண்மையான பயன்பாட்டில் 17க்குப் பதில் பல இலக்கங்கள் கொண்ட பெரிய எண் இருக்கும்.

இப்போது அந்த 17க்கு வருவோம். 10ஐ வைத்துக்கொண்டால் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதுமே, எவ்வளவு வசதி! செய்து பாருங்கள். முதலாம், மூன்றாம், ஐந்தாம் ஆட்கள் கூடுகிறார்கள். 5 + 5x என்ற கோவையில் 1 போட்டால் 10, 3 போட்டால் 20, 5 போட்டால் 30. கடைசி இலக்கம் எல்லாவற்றிலும் 0. ஆகவே உண்மையான கோவையோடு இந்த 5 + 5xஐக் கூட்டினாலும் அந்த மூவரின் பங்குகள் மாறாது. ஆனால் ரகசியம் 5 கூடிவிடும். ரகசியம் 2 என்று இருந்தால், அது 2ஆ 7ஆ என்று மூவராலும் சொல்ல முடியாது. உரிமையுள்ள மூன்று பேர் வந்தும் பெட்டகம் திறக்கவில்லை.

எங்கே தப்பு? 5(x + 1) என்ற ஒருபடிக் கோவைக்கு 1, 3, 5, 7, 9 என்று ஐந்து மூலங்கள் வந்துவிட்டன. 10ன் கணக்கில் 5 × 2 = 0. இரண்டு எண்களும் பூஜ்ஜியமில்லை, பெருக்கல் மட்டும் பூஜ்ஜியம். நம் நிரூபணம் முழுக்க, “பெருக்கல் பூஜ்ஜியமென்றால் காரணிகளில் ஒன்றாவது பூஜ்ஜியம்” என்ற நம்பிக்கையின் மேல் நின்றது. 17 பகா எண். அதன் கணக்கில் அந்த நம்பிக்கை பொய்க்காது. 10 பகு எண். அதனால்தான் ஷமீர் முறையை மீதிக் கணக்கில் செய்பவர்கள் பகா எண்ணையே தேடிப் பிடிக்கிறார்கள்.

அடுக்குகளில் ஒன்றை விட்டுவிட்டாலும் உத்தரவாதம் போய்விடும். சாதாரண எண்களிலேயே, 1, x, x² என்பதற்குப் பதில் வர்க்கத்தைத் தாண்டி 1, x, x³ என்று நிரைகளை எழுதி, 1, 2, −3 என்ற எண்களைப் போட்டால் அணிக்கோவை பூஜ்ஜியம். காரணம், (x − 1)(x − 2)(x + 3) என்பதை விரித்தால் x³ − 7x + 6. இதில் x² உறுப்பே இல்லை. மூன்று மூலங்களுள்ள கோவை அந்த இடைவெளிக்குள் நுழைந்துவிட்டது. மூன்று எண்களின் கூட்டுத்தொகை பூஜ்ஜியமாகும் போதெல்லாம் இப்படி ஆகும். ஆக, எண்கள் வேறுவேறாக இருந்தால் மட்டும் போதாது. அடுக்குகளும் வரிசை விடாமல் வர வேண்டும்.

இன்னொரு சங்கடம் கணிதத்தில் இல்லை, கணக்குப் போடும் விதத்தில் இருக்கிறது. பூஜ்ஜியம் ஆகாது என்பது வேறு, கையில் பூஜ்ஜியம் போல வராது என்பது வேறு. 2021, 2022, 2023 என்ற மூன்று ஆண்டுகளின் புள்ளிவிவரங்களுக்கு ஒரு வளைகோடு வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசங்கள் 1, 1, 2. அணிக்கோவை 2. ஆனால் அணிக்குள் இருக்கும் வர்க்கங்கள் 40 லட்சத்துக்கு மேல்: 4084441, 4088484, 4092529. இவற்றை 4084400, 4088500, 4092500 என்று முழுமையாக்கிக்கொண்டு அணிக்கோவையைப் போட்டால் வரும் விடை −100. உண்மை விடை 2. ஐம்பது மடங்கு பெரிதாக, குறி மாறி வந்து நிற்கிறது. வர்க்கங்களில் நாம் கைவைத்தது ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 41. லட்சத்தில் ஒரு பங்கு.

எக்செல்லில் ஆண்டுகளை வைத்து இருபடிக் கோடு வரைந்து, படத்தின் மேல் காட்டும் சமன்பாட்டை அப்படியே எடுத்துக் கையால் கணக்குப் போட்டவர்கள், விடை சம்பந்தமே இல்லாமல் வருவதைப் பார்த்திருப்பார்கள். அங்கே சில இலக்கங்களை மட்டும்தான் காட்டுகிறது, மீதி வெட்டுப்பட்டுவிடுகிறது. மருந்து சுலபம். அணிக்கோவைக்கு வித்தியாசங்கள் மட்டுமே முக்கியம் என்பதால் எல்லா ஆண்டுகளிலிருந்தும் 2022ஐக் கழித்துவிடலாம். −1, 0, 1 என்று ஆகிவிடும். வர்க்கங்கள் 1, 0, 1. அணிக்கோவை அதே 2. அடுத்த முறை ஆண்டுகளோடு வளைகோடு வரைய உட்காரும்போது, முதல் வேலையாக நடு ஆண்டைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள்.